குறிப்பு ‘பேசுக’ என்று திரும்பி வந்துவிட்டது: மிகை ஊதியக் கோப்பில் எங்கே தவறு?

இளநிலை_ஏ3

வணக்கம். மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். குரூப் 4 வழியாக வந்து இரண்டரை வருடம் ஆகிறது. போன மாதம்தான் பணியாளர் பிரிவு இருக்கை கொடுத்தார்கள். முன்பு இருந்தவர் மாறுதலில் போய்விட்டார், கேட்டால் போனை எடுப்பதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் அலுவலகப் பதிவறை எழுத்தர் அம்மா ஒருவர் 31.5.2024 அன்று ஓய்வு பெறுகிறார். ஓய்வூதியக் கருத்துரு அனுப்புவதற்காகப் பணிப்பதிவேட்டைச் சரிபார்த்தபோது 2012-ல் ஒரு ஊதிய உயர்வு தவறாக அனுமதிக்கப்பட்டிருப்பதாக அகத் தணிக்கை எழுதியது. அவர் 9.4.2012 அன்று பதவி உயர்வில் பதிவறை எழுத்தர் ஆனார். அன்றே பதவி உயர்வுக்கான ஊதிய நிர்ணயம் செய்து ஒரு உயர்வு கொடுத்தாயிற்று. ஆனால் பழைய பதவியில் இருந்த தேதிப்படி 1.7.2012-ல் ஆண்டு ஊதிய உயர்வும் கொடுத்துவிட்டார்கள். புதிய பதவியில் ஓராண்டு முடிந்து 1.4.2013-ல்தான் அடுத்த உயர்வு வந்திருக்க வேண்டும் என்பது தணிக்கையின் வாதம்.

ஜூலை 2012 முதல் ஜனவரி 2024 வரை 139 மாதத்துக்குக் கணக்குப் போட்டதில் மிகை ஊதியம் ₹1,04,620 வந்தது. நான் வைத்த குறிப்பு:

“தனியருக்கு 1.7.2012-ல் தவறுதலாக ஊதிய உயர்வு அனுமதிக்கப்பட்டதால் ₹1,04,620 மிகை ஊதியம் வழங்கப்பட்டுள்ளது. தனியர் 31.5.2024 அன்று ஓய்வு பெறவுள்ளதால் மேற்படி தொகையை அவரது பணிக்கொடையில் பிடித்தம் செய்ய ஆணை வழங்கலாம். வரைவு ஆணை ஒப்புதலுக்காகப் பணிந்து வைக்கப்படுகிறது.”

கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அலுவலர் ஓரத்தில் ‘பேசுக’ என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். நாளை மறுநாள் போய்ப் பேச வேண்டும். அதற்கு முன் என்ன குறை என்று தெரிந்தால் நல்லது.

---

சட்டம்_சரவணன்

இதில் பேச என்ன இருக்கிறது? பிடித்தமே செய்யக்கூடாது. உச்ச நீதிமன்றம் 18.12.2014-ல் பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சி, டி பிரிவுப் பணியாளரிடம் பிடிக்கக்கூடாது. ஓய்வு பெற்றவரிடமும் ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமும் பிடிக்கக்கூடாது. ஐந்தாண்டுக்கு மேல் மிகையாகக் கொடுத்திருந்தால் பிடிக்கக்கூடாது. உங்கள் கேஸில் மூன்றும் பொருந்துகிறது. “மேற்படி தீர்ப்பின்படி மிகை ஊதியம் தள்ளுபடி செய்யப்படுகிறது” என்று நாலு வரி ஆணை போடச் சொல்லுங்கள், முடிந்தது.

---

வரிகட்டுபவன்

மக்கள் பணம் ஒரு லட்சம், நாலு வரியில் தள்ளுபடி. தனியார் கம்பெனியில் நடக்குமா இது?

---

பழைய_நடப்பு

32 வருடம் இதே வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். தம்பி, உன் அலுவலர் நல்லவர். ‘பேசுக’ என்று போட்டவர் கோப்பைப் படித்திருக்கிறார். படிக்காதவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

உன் குறிப்பில் முதல் வாக்கியத்திலேயே தவறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். எது நடந்தது, எந்த ஆணையில் நடந்தது, அந்த ஆணை நடப்புக் கோப்பில் எந்தப் பக்கம், பணிப்பதிவேட்டில் எந்தப் பக்கம் என்று ஒன்றும் இல்லை. எந்த விதியை வைத்துத் தவறு என்கிறாய் என்பதும் இல்லை. தணிக்கை சொன்னதை உன் வாய்மொழியாக எழுதியிருக்கிறாய். தணிக்கை எழுதியது ஒரு கட்சி. உன் குறிப்பு அந்தக் கட்சியையும் தனியர் கட்சியையும் எடுத்து வைத்து, பிறகு பிரிவு என்ன நினைக்கிறது என்று சொல்ல வேண்டும்.

தனியருக்கு அறிவிப்புக் கொடுத்தீர்களா? அவர் விளக்கம் எங்கே? அது இல்லாமல் பிடித்த ஆணை எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. தொகை சரியா தப்பா என்பதற்கே அங்கே போக மாட்டார்கள்.

இன்னொன்று. உன் கோப்பில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊதியத்தைத் திருத்தி நிர்ணயிக்க வேண்டுமா என்பது ஒன்று. ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பிடிக்க வேண்டுமா என்பது வேறு. சரவணன் சொல்லும் தீர்ப்பு இரண்டாவதற்குத்தான். பிடிக்க முடியாவிட்டாலும் ஊதியத்தைத் திருத்தலாம். ஓய்வூதியம் திருத்திய ஊதியத்தில்தான் போகும். ஒரே பத்தியில் இரண்டையும் குழைத்தால் அலுவலர் ‘ஒப்புதல்’ என்று எழுதும்போது எதற்கு ஒப்புதல் கொடுத்தார் என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது.

---

இளநிலை_ஏ3

ஐயா, நன்றி. அறிவிப்புக் கொடுக்கவில்லை. அவர் தினமும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், விஷயம் அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டோம்.

---

பழைய_நடப்பு

எதிரில் உட்கார்ந்திருப்பது அறிவிப்பு ஆகாது. குறிப்பாணை கொடு, கணக்குத்தாளின் நகலோடு. 15 நாள் அவகாசம் போடு. பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கு.

---

கோட்டை_மேசை

தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலர். பெரியவர் சொன்னதோடு ஒத்துப் போகிறேன். சரவணனுக்கு மட்டும் இரண்டு விஷயம்.

மாவட்ட அலுவலகத் தலைவருக்கு இந்த அளவுத் தொகையைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் இருக்காது. அவர் அதிகபட்சம் செய்யக்கூடியது, முழு விவரத்தோடு துறைத் தலைவருக்குக் கருத்துரு அனுப்புவது. “தள்ளுபடி செய்யப்படுகிறது” என்று அவர் ஆணை போட்டால் அடுத்த தணிக்கையில் அதே தொகை அவர் பெயரில் வந்து நிற்கும். எங்கள் மேசைக்கு இப்படி வந்த கோப்புகள் உண்டு. யாருக்கு அதிகாரம் என்று குறிப்பில் ஒரு வரி இல்லாததால் இரண்டு வருடம் மேலும் கீழும் போய் வந்தவை.

இரண்டாவது, உறுதிமொழி. 2017 ஊதியத் திருத்தத்தின்போது விருப்பப் படிவத்தோடு, “மிகையாக வழங்கப்பட்டது பின்னர் தெரியவந்தால் திருப்பிச் செலுத்துகிறேன்” என்று எழுதி வாங்கியிருப்பார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் எதிர் ஜக்தேவ் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பணிப்பதிவேட்டில் அந்தத் தாள் இருக்கிறதா?

---

இளநிலை_ஏ3

இருக்கிறது. ஒட்டி, அவர் கையெழுத்தோடு.

---

சட்டம்_சரவணன்

அப்படியானால் அதைக் குறிப்பில் எழுதாதீர்கள். ஓய்வு பெறப் போகிற அம்மாவுக்கு எதிராக நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்? கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

---

பழைய_நடப்பு

இதை மட்டும் செய்யாதே தம்பி. கோப்பில் உள்ள ஒரு தாளைக் குறிப்பில் மறைத்தால், அலுவலர் அந்தத் தாள் தெரியாமல் ஆணை போடுகிறார். நாளைக்கு அது வெளியே வரும்போது மாட்டுவது அவர். அதற்கு அடுத்த நிமிடம் நீ. குறிப்புக் கோப்பு தகவல் உரிமைச் சட்டத்தில் போகும், வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கும் போகும். உன் முன்மொழிவுக்கு எதிரான தாளைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும். பிறகு அது ஏன் பொருந்தாது என்று சொல், உனக்கு அப்படித் தோன்றினால்.

ஜக்தேவ் சிங்கையும் முழுதாகப் படிக்க வேண்டும். அது நீதித்துறை அதிகாரி ஒருவரின் வழக்கு. உறுதிமொழி கொடுத்தவருக்கு ரஃபீக் மசீஹின் இரண்டாவது இனம், அதாவது ஓய்வு பெற்றவர், ஓய்வு பெறப் போகிறவர் என்ற இனம் பொருந்தாது என்றுதான் அதில் சொன்னார்கள். கடைநிலைப் பணியாளர் என்ற முதல் இனத்தையும் ஐந்தாண்டு என்ற மூன்றாவது இனத்தையும் அது தொடவில்லை. கோட்டை மேசைக்காரர் சொன்னது பாதிக்குத்தான் சரி என்பேன். பதிவறை எழுத்தர் சி ஆனாலும் டி ஆனாலும் முதல் இனத்துக்குள் வந்துவிடுகிறார்.

இன்னும் ஒன்று. அந்த உறுதிமொழி 2017 ஊதியத் திருத்தத்துக்காக எழுதியது. இங்கே தவறு நடந்தது 2012-ல், பதவி உயர்வில். அந்தத் தாள் பின்னோக்கி 2012-க்கும் போகுமா?

---

கோட்டை_மேசை

போகும் என்றுதான் நிதித் துறை வாதிடும். படிவத்தின் வாசகம் பொதுவானது. 2017-ல் நிர்ணயித்த ஊதியமே 2012 தவறின் மேல் நின்றது, ஆகவே அதற்குப் பிந்தைய மிகைக்கு அது பொருந்தும் என்பார்கள். நான் எழுதினால் அப்படித்தான் எழுதுவேன். நீங்கள் சொல்லும் பிரிப்பையும் ஏற்கிற நீதிபதிகள் இருப்பார்கள். இது நம்மால் முடிக்கிற விஷயமில்லை.

---

அம்மாவின்_மகள்

எங்கள் வீட்டிலும் இதே கதை. அம்மா உதவி பெறும் பள்ளி ஆசிரியை. 2020-ல் ஓய்வு. இப்போது வந்து 2003-ல் தேர்வுநிலை தவறாகக் கொடுத்தோம், இரண்டு லட்சம் கட்டு என்கிறார்கள். அம்மா எந்த உறுதிமொழியும் கொடுத்ததாக நினைவில்லை. என்ன செய்வது? ஒரு மனு மாதிரி யாராவது தர முடியுமா?

---

சட்டம்_சரவணன்

@அம்மாவின்_மகள் தாமஸ் டேனியல் எதிர் கேரள அரசு, 2022. ஓய்வு பெற்ற ஆசிரியர்தான் அவரும். அவர் பொய் சொல்லியோ மறைத்தோ வாங்கவில்லை, தவறு துறையுடையது, இத்தனை வருடம் கழித்துப் பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலில் அவர்கள் அனுப்பியது விளக்கம் கேட்கும் குறிப்பாணையா, இறுதி ஆணையா என்று பாருங்கள். குறிப்பாணை என்றால் பதில் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். உறுதிமொழி உண்டா என்று பணிப்பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நினைவை நம்பி “கொடுக்கவில்லை” என்று எழுத வேண்டாம்.

---

பழைய_நடப்பு

சரவணன் இப்போது சரியாகப் பேசுகிறார்.

ஏ3 தம்பி, ராத்திரி படுத்தபிறகு உன் கணக்கு மனதில் ஓடியது. 139 மாதம் என்றாய். ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடு. இடது பக்கம் அவர் வாங்கியது, வலது பக்கம் வாங்கியிருக்க வேண்டியது.

1.7.2012-ல் இடது பக்கம் ஒரு உயர்வு ஏறுகிறது. வலது பக்கம் ஏறவில்லை. வித்தியாசம் ஒரு உயர்வு. 1.4.2013-ல் வலது பக்கமும் ஏறிவிடுகிறது. இப்போது இரண்டும் சமம். 1.7.2013-ல் இடது பக்கம் மறுபடி ஏறுகிறது, 1.4.2014-ல் வலது பக்கம் எட்டிப் பிடிக்கிறது. அப்படியே வருடா வருடம். ஆக ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் வித்தியாசமே கிடையாது. நீ அந்த மூன்று மாதத்தையும் சேர்த்தல்லவா கணக்குப் போட்டிருக்கிறாய்?

---

இளநிலை_ஏ3

ஐயா… ஆமாம். தணிக்கை கொடுத்த வித்தியாசத் தொகையை எல்லா மாதத்துக்கும் போட்டுவிட்டேன். 2013 முதல் 2023 வரை 11 வருடம், வருடத்துக்கு 3 மாதம், 33 மாதம் கழிய வேண்டும். மிச்சம் 106 மாதம்தான். அவசரமாகத் திரும்பப் போட்டதில் ₹79,000 சொச்சம் வருகிறது. கால் பங்கு தப்பு.

---

பழைய_நடப்பு

இன்னும் இருக்கிறது. அவர் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார்?

---

இளநிலை_ஏ3

மே.

ஐயா!

---

பழைய_நடப்பு

மே மாதம் இரண்டு பத்தியும் சமம். 1.4.2024-ல் சரியான பத்தியிலும் உயர்வு ஏறிவிடும். கடைசி ஊதியம் இரண்டு கணக்கிலும் ஒன்றாக வந்தால் ஓய்வூதியத்துக்கு இந்தத் தவறால் ஒரு பாதிப்பும் இல்லை. எதற்காக ஓய்வூதியக் கருத்துருவை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?

ஆனால் ‘வந்தால்’ என்றுதான் சொல்கிறேன். 1.1.2016-ல் பழைய ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கி ஊதிய அட்டவணையில் அடுத்த கட்டத்தில் நிறுத்தியிருப்பார்கள். அந்தத் தேதியில் இடது பக்கம் ஒரு உயர்வு கூட இருந்தது. அடுத்த கட்டத்துக்குத் தள்ளும்போது இரண்டு பத்திக்கும் நடுவில் சரியாக ஒரு கட்டம்தான் இடைவெளி விழும் என்று சொல்ல முடியாது. அதைக் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டுப் பார்த்து இணைப்பாக வை.

---

கோட்டை_மேசை

நல்ல பிடி. அதோடு: நம் மாநிலத்தில் புதிய ஊதியம் 1.1.2016 முதல் கருத்தியலாகத்தான், பணப்பயன் 1.10.2017 முதல். இடைப்பட்ட 21 மாதத்துக்கு மிகையைப் பழைய ஊதிய விகிதத்தில், பழைய அகவிலைப்படியோடு போட வேண்டும். கையில் கொடுத்ததைத்தான் திரும்பக் கேட்க முடியும். ஏ3, நீங்கள் எப்படிப் போட்டீர்கள்?

---

இளநிலை_ஏ3

புதிய விகிதத்தில்.

இப்போது பார்த்தேன். பழைய விகிதத்தில் வித்தியாசம் மாதம் ₹290, அகவிலைப்படி 125 முதல் 139 சதவீதம். புதியதில் ₹700, அகவிலைப்படி பூஜ்யத்தில் தொடங்கி 5 வரை. மாதம் நாற்பது ரூபாய் அளவுக்குத்தான் மாறுகிறது. மொத்தத்தில் ஆயிரத்துக்குள்.

---

வரிகட்டுபவன்

ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை பேச்சா?

---

கோட்டை_மேசை

ஆயிரம் ரூபாய்க்கு இல்லை. ஒரு பத்தி தவறென்று தெரிந்தால் மீதிப் பத்திகளையும் நம்ப மாட்டார்கள்.

குறிப்பின் நீளம் பற்றிப் பெரியவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் பக்கம் இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் மேலே உள்ளவர்கள் கடைசிப் பத்தியை மட்டும்தான் படிப்பார்கள். கணக்கு, தீர்ப்பு, விதி வாசகம் எல்லாம் இணைப்பில் போகட்டும். குறிப்பில் பக்க எண் மட்டும். முன்மொழிவும் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். “அப்படியும் செய்யலாம், இப்படியும் செய்யலாம், ஆணைக்காக” என்று வைப்பது பொறுப்பை மேலே தள்ளுவது.

---

பழைய_நடப்பு

நீளத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஒரே முன்மொழிவு என்பதில் இல்லை. இரண்டு பார்வைக்கும் இடமிருக்கும் விஷயத்தில், பிரிவு இதைப் பரிந்துரைக்கிறது, ஏற்காவிட்டால் மாற்று இது, அதன் விளைவு இது என்று ஒரு வரி சேர்ப்பது தப்பில்லை. மாற்றை ஏற்றால் அலுவலர் அதன் எதிரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போடலாம். கோப்பு மறுபடி கீழே வர வேண்டாம். உங்கள் கோட்டையில் கோப்பு கீழே வருவது மின்தூக்கியில் ஒரு மாடி. எங்களுக்கு அது 40 கிலோமீட்டர், தபாலில்.

---

கோட்டை_மேசை

இ-ஆபீஸ் வந்தபிறகும் தபாலா?

---

பழைய_நடப்பு

நான் ஓய்வு பெற்றது அதற்கு முன்.

தம்பி, ஒன்று கேட்க மறந்தேன். இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பதவி உயர்வு பெற்றவருக்கு, பழைய பதவியில் அடுத்த ஊதிய உயர்வு வரும் தேதியில் நிர்ணயம் செய்துகொள்ள விருப்பம் தெரிவிக்கும் வாய்ப்பு உண்டு. அவர் அப்போது விருப்பக் கடிதம் கொடுத்திருந்தால் 1.7.2012-ல் ஆண்டு உயர்வும் பதவி உயர்வுக்கான உயர்வும் இரண்டுமே முறைப்படி வரும். அதன் பிறகு வருடா வருடம் ஜூலைதான். அப்படியானால் தவறு ஜூலையில் இல்லை. ஏப்ரலில் கொஞ்சம் முன்கூட்டிக் கொடுத்தது மட்டும்தான். மூன்று மாத விஷயம். கடிதம் பணிப்பதிவேட்டில் ஒட்டியிருக்கிறதா?

---

இளநிலை_ஏ3

பணிப்பதிவேட்டில் இல்லை. நேற்றே பார்த்துவிட்டேன்.

---

பழைய_நடப்பு

2012 செயல்முறை ஆணை இருக்கிறதா? அதன் பார்வையில் என்னென்ன போட்டிருக்கிறது?

---

இளநிலை_ஏ3

(மறுநாள்)

ஆணை நகல் கிடைத்தது. பார்வை 1: பதவி உயர்வு ஆணை. பார்வை 2: பணியில் சேர்ந்த அறிக்கை. பார்வை 3: “தனியரின் கடிதம், நாள் 20.4.2012.”

ஆணையின் உடலில் அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. ஊதிய அட்டவணை மட்டும்தான்.

---

சட்டம்_சரவணன்

அட! அது விருப்பக் கடிதமாகத்தான் இருக்கும். பதவி உயர்வு வந்து 11 நாளில் வேறு எதற்குக் கடிதம் எழுதப் போகிறார்?

---

பழைய_நடப்பு

இருக்கலாம். விழா முன்பணம் கேட்டும் எழுதியிருக்கலாம். ‘இருக்கும்’ என்பதைக் குறிப்பில் எழுத முடியாது. “பார்வை 3-ல் தனியரின் 20.4.2012 நாளிட்ட கடிதம் காட்டப்பட்டுள்ளது. அக்கடிதம் பணிப்பதிவேட்டிலோ நடப்புக் கோப்பிலோ இல்லை” என்று எழுதலாம். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட வேண்டாம். 2012-ல் அந்த ஆணையை எழுதிய புண்ணியவான் “பார்வை 3-ல் தனியர் விருப்பம் தெரிவித்ததன் பேரில்” என்று ஆறு சொல் சேர்த்திருந்தால் இன்றைக்கு இந்தக் கோப்பே கிடையாது.

---

இளநிலை_ஏ3

பேசிவிட்டு வந்தேன். அலுவலர் கேட்ட முதல் கேள்வியே, “அந்தம்மாவைக் கேட்டீர்களா?” என்பதுதான். அறிவிப்பு இன்று கொடுத்தாயிற்று, கையெழுத்தும் வாங்கியாயிற்று. குறிப்பைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

“பொருள்: பணியமைப்பு – பதிவறை எழுத்தர் – பதவி உயர்வு ஊதிய நிர்ணயம் – தணிக்கைத் தடை – தொடர்பாக.

1. தனியர் 9.4.2012 மு.ப. பதிவறை எழுத்தராகப் பணியேற்றார் (ந.கோ. பக்கம் 11). ஆணையின்படி (ந.கோ. பக்கம் 15) பதவி உயர்வு நாளில் ஊதியம் நிர்ணயிக்கப்பட்டு, 1.7.2012-ல் ஆண்டு ஊதிய உயர்வும் அனுமதிக்கப்பட்டது. பின்னர் ஆண்டுதோறும் ஜூலை 1-ல் உயர்வு அனுமதிக்கப்பட்டு வருகிறது.

2. அடுத்த ஊதிய உயர்வு 1.4.2013-ல் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும் என அகத் தணிக்கை தெரிவித்துள்ளது (ந.கோ. பக்கம் 37). மேற்படி ஆணையின் பார்வை 3-ல் தனியரின் 20.4.2012 நாளிட்ட கடிதம் காட்டப்பட்டுள்ளது. அக்கடிதம் கோப்பிலும் பணிப்பதிவேட்டிலும் இல்லை. அது ஊதிய நிர்ணய நாளைத் தெரிவு செய்யும் விருப்பக் கடிதமாயின் 1.7.2012 முதலான ஊதியம் முறையானதே. அன்றெனில் தணிக்கையின் கூற்று ஏற்புடையது.

3. தணிக்கையின் கூற்றுப்படி மிகை ஊதியம் ஆண்டுதோறும் ஜூலை முதல் மார்ச் வரை மட்டுமே எழுகிறது. கணக்கு இணைப்பு 1-ல். 31.5.2024-ல் பெறும் கடைசி ஊதியத்தில் இதனால் மாற்றம் உண்டா என்பது இணைப்பு 2-ல் கட்டம் கட்டமாகக் காட்டப்பட்டுள்ளது.

4. தனியர் 2017-ல் அளித்த உறுதிமொழி பணிப்பதிவேட்டில் உள்ளது. பிடித்தம் குறித்து உச்ச நீதிமன்றத்தின் 18.12.2014 நாளிட்ட தீர்ப்பும், உறுதிமொழி குறித்த 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இணைப்பு 3, 4-ல். தனியர் தவறான தகவல் அளித்ததாகப் பதிவேடுகளில் ஏதுமில்லை.

5. எனவே, (அ) 20.4.2012 நாளிட்ட கடிதத்தைப் பதிவறையில் தேடவும், தனியரிடம் நகல் இருப்பின் பெறவும். (ஆ) தனியரின் விளக்கம் பெற்றபின் ஊதியத் திருத்தம் குறித்து முடிவெடுக்கவும். (இ) மிகை ஊதியம் உறுதியாயின், பிடித்தமா தள்ளுபடியா என்பது இவ்வலுவலக அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்பதால் துறைத் தலைவருக்கு விவரம் அனுப்பி ஆணை பெறவும். (ஈ) இடையில் ஓய்வூதியக் கருத்துருவைத் தாமதமின்றி அனுப்பவும் ஒப்புதல் வேண்டப்படுகிறது. (அ) மற்றும் (ஈ)-க்கான வரைவுகள் வைக்கப்படுகின்றன.”

இணைப்பு 2 போட்டதில் கடைசிக் கட்டம் இரண்டு பத்தியிலும் ஒன்றாகவே வந்தது. இருமுறை போட்டுப் பார்த்தேன்.

---

கோட்டை_மேசை

(ஈ)-யில் கவனம். மிகை ஊதியம் பற்றிய முடிவு நிலுவை என்று கருத்துருவில் ஒரு வரி காட்டாமல் அனுப்பாதீர்கள். பிறகு பணிக்கொடை முழுதும் போய்விட்டால் மேலே கேட்பார்கள். இணைப்பு 2-ன் முடிவு உங்களுக்குத் தெரிந்துவிட்டது அல்லவா, பத்தி 3-ல் “காட்டப்பட்டுள்ளது” என்று ஏன் மழுப்புகிறீர்கள்? “மாற்றம் இல்லை” என்று எழுதுங்கள். படிப்பவரை இணைப்புக்கு ஓட விடாதீர்கள்.

---

சட்டம்_சரவணன்

பத்தி 4-ல் 2016 தீர்ப்பு இரண்டாவது இனத்தை மட்டும்தான் தொடுகிறது என்று பெரியவர் சொன்னதைச் சேர்க்கவில்லையே. அது அந்த அம்மாவுக்குச் சாதகமான இடம். விட்டுவிடாதீர்கள்.

---

பழைய_நடப்பு

இரண்டும் சரி. பத்தி 2-ல் “தணிக்கையின் கூற்று ஏற்புடையது” என்று எழுதியிருக்கிறாயே, எந்த விதிப்படி? விதி எண்ணைப் போடு. பதவி உயர்வு நிர்ணயத்துக்கு ஒரு அடிப்படை விதி, அடுத்த உயர்வுக்கு ஓராண்டு கணக்கிட இன்னொன்று. தணிக்கைத் தடையிலேயே எழுதியிருப்பார்கள். அதை அப்படியே நகலெடுக்காமல் விதிப் புத்தகத்தில் திறந்து பார்த்துப் போடு. தணிக்கையிலும் விதி எண் தப்பாக வந்து நான் பார்த்திருக்கிறேன்.

---

இளநிலை_ஏ3

மூவரும் சொன்னதைச் சேர்த்துவிட்டேன். சாயங்காலம் கோப்பு மேலே போய்த் திரும்பியும் வந்துவிட்டது. (அ), (ஈ)-க்கு எதிரே ‘ஒப்புதல்’. (ஆ), (இ)-க்கு எதிரே ‘விளக்கம் வந்தபின்’.

பதிவறையில் 2012 கட்டுகளைப் பார்த்தோம். அந்த வருட ஏப்ரல் கட்டில் பாதி கரையான். தேட வேண்டிய பதிவறைக்கு எழுத்தரே அந்த அம்மாதான், அதுதான் சிரிப்பு. அவரையே தேடச் சொல்வது சரியில்லை என்று கண்காணிப்பாளர் வேறொருவரை அனுப்பினார். 20.4.2012 கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் யாருக்குத் தம்பி ஞாபகம் இருக்கு, அப்ப இருந்த ஐயா எழுதிக் கொடுத்தாரு, நான் கையெழுத்துப் போட்டேன்” என்றார். வீட்டில் பரண் மேல் ஒரு தகரப் பெட்டியில் பழைய தாள்கள் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை எடுத்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.